நியாயமான பிரீமியமும் பெரும் எண்களின் விதியும்: தேர்வில் நான் தவறவிட்ட இடம்

ஆக்சுவரி தேர்வுக்கு முதல்முறை படித்தபோது, காப்பீட்டில் சேருவோர் எண்ணிக்கை கூடக்கூட நிறுவனத்தின் இடர் குறைந்துகொண்டே போகும் என்று எழுதி, அந்தக் கேள்விக்கான மதிப்பெண்ணில் பெரும்பகுதியை இழந்தேன். அந்த வாக்கியத்தில் எது சரி, எது தவறு என்பதைப் பிறகு ஒரே கணக்கை வைத்துத்தான் தெளிவுபடுத்திக்கொண்டேன். இதே தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

ஒருவருக்கு ஓராண்டில் 1,00,000 அலகு இழப்பு ஏற்படும் நிகழ்தகவு 0.01 என்றும், ஒருவருடைய இழப்பு மற்றவருடையதைச் சாராதது என்றும் கொள்வோம். எதிர்பார்க்கப்படும் இழப்பு 1,00,000 × 0.01 = 1,000. நிர்வாகச் செலவும் இலாபமும் சேர்க்காத இந்தத் தொகையையே நியாயமான பிரீமியம் என்கிறோம். இதுவரை யாருக்கும் தடுமாற்றம் இருக்காது. தடுமாற்றம் திட்ட விலக்கத்தில்தான் தொடங்குகிறது. ஒருவருக்கான திட்ட விலக்கம் 1,00,000 × √(0.01 × 0.99), அதாவது சுமார் 9,950, சராசரியைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. தனியாக நிற்பவர் 1,000 அலகை எடுத்துவைப்பதில் பயனில்லை என்பதை இந்த ஒப்பீடே காட்டிவிடுகிறது.

இப்போது 100 பேரைச் சேர்ப்போம். மொத்த இழப்பின் திட்ட விலக்கம் 9,950 × √100 = 99,500 ஆகிறது. 10,000 பேரைச் சேர்த்தால் அது 9,95,000 ஆகிறது. மொத்த இடர் குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. ஆனால் அதைத் தலைக்கு வகுத்தால் 100 பேரிடம் 995 ஆகவும் 10,000 பேரிடம் 99.5 ஆகவும் சுருங்குகிறது. 1713-இல் வெளிவந்த ஜேக்கப் பெர்னூலியின் தேற்றம், அதாவது பெரும் எண்களின் விதி, சராசரி விகிதத்தைப் பற்றித்தான் பேசுகிறது, மொத்தத்தைப் பற்றி அன்று. நான் எழுதியது அந்த இரண்டையும் குழப்பிய விடை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ‘மொத்தம்’ அல்லது ‘தலைக்கு’ என்று குறித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். இந்தச் சிறு பழக்கம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

அடுத்த கேள்வி, நியாயமான பிரீமியத்தை மட்டும் வசூலித்தால் போதுமா என்பது. 10,000 பேரிடம் தலைக்கு 1,000 வசூலித்தால் சரியாக 100 இழப்பீடுகளுக்குப் பணம் இருக்கும். நூற்றுக்கு மேல் கோரிக்கைகள் வருவதற்கான வாய்ப்போ பாதிக்குச் சற்றுக் குறைவுதான். கூட்டம் எவ்வளவு பெருகினாலும் இந்த வாய்ப்பு பாதியை ஒட்டியே நிற்கும். ஆகவே பற்றாக்குறை வாய்ப்பை 1 சதவீதத்துக்குள் வைக்க, இயல்நிலைப் பரவலின்படி 2.326 × 99.5 = 231 அலகைக் கூடுதலாகச் சேர்த்து, பிரீமியத்தை 1,231 என்று வைக்கிறோம். கூட்டத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது: பெரிய கூட்டத்துக்குத் தலைக்குத் தேவைப்படும் கூடுதல் தொகை சிறியது.

இதே சூத்திரத்தை 100 பேருக்குப் போட்டால் 3,314 கிடைக்கிறது. இந்த எண்ணை நம்பக் கூடாது. சேரும் நிதி 3,31,400 என்பதால் மூன்று இழப்பீடுகளைத்தான் முழுமையாகக் கொடுக்க முடியும். நான்கோ அதற்கு மேலோ வரும் நிகழ்தகவை ஈருறுப்புப் பரவலில் கணக்கிட்டால் சுமார் 1.8 சதவீதம் வருகிறது. நாம் கேட்டதோ 1 சதவீதம். எதிர்பார்க்கப்படும் கோரிக்கைகளின் எண்ணிக்கை (இங்கே 1) மிகச் சிறியதாக இருந்தால், பரவல் வலப்பக்கம் நீண்டிருக்கும், இயல்நிலை வளைவு அதற்குப் பொருந்தாது. எனவே அந்த எண்ணிக்கையை முதலில் பார்த்துவிட்டுத்தான் 2.326-ஐக் கையில் எடுக்க வேண்டும்.

கேள்வித்தாளில் ‘ஒன்றையொன்று சாராத’ என்ற சொல் விடுபட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வெள்ளமோ நிலநடுக்கமோ பலரை ஒரே நேரத்தில் தாக்கும். எந்த இருவருடைய இழப்புகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு ρ வெறும் 0.01 என்று வைத்தாலும், தலைக்கான திட்ட விலக்கம்

σ√(1/n + (1 − 1/n)ρ)

என்றாகிவிடும். இதில் ஒருவருக்கான திட்ட விலக்கம் σ = 9,950, சேர்ந்தவர் எண்ணிக்கை n = 10,000 என்று இட்டால் விடை சுமார் 1,000; முன்பு கிடைத்த 99.5 எங்கே, இது எங்கே! எத்தனை இலட்சம் பேர் சேர்ந்தாலும் இது 995-க்குக் கீழே இறங்காது. அதாவது, இந்த மிகச் சிறிய ஒட்டுறவு இருக்கும்போது, எவ்வளவு பெரிய கூட்டமும் ஒன்றையொன்று சாராத 100 பேர் கொண்ட கூட்டத்தைவிட அதிகப் பாதுகாப்பைத் தராது. இரண்டாம் முறை தேர்வெழுதியபோது, கூட்டத்தைப் பெருக்குவதால் தீராத இந்த 995-ஐ மறுகாப்பீடு அல்லது கூடுதல் மூலதனத்தைக் கொண்டுதான் தாங்க வேண்டும் என்று எழுதி விடையை முடித்தேன்.