மாடியில் கருகிய வாசனை

எங்கள் வீட்டு மாடியில் மனைவி கேக் செய்து விற்கிறாள். வேலூரில், தகர ஷீட் போட்ட மாடியில், மே மாதத்தில் கேக் செய்வதென்றால் கேக்கோடு ஆளும் சேர்ந்து வெந்துவிட வேண்டியதுதான். அதனால் ஃபால்ஸ் சீலிங் அடித்து, கூடத்துக்கு ஒரு பழைய 2 டன் ஏசி, உள்ளறைக்கு ஒரு 1.5 டன் ஏசி. போதாக்குறைக்கு 3 கிலோவாட் ஓவன். ஓர் அறையைச் சூடாக்கவும் அதே அறையைக் குளிர வைக்கவும் ஒரே நேரத்தில் கரண்ட் பில் கட்டும் குடும்பம் ஊரிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

மே தொடங்கியதும் தினமும் மூன்று மணி வாக்கில் ஏதோ கருகும் வாசனை. "ஏங்க, கேக் நல்லாத்தான் இருக்கு, அப்புறம் என்னங்க கருகுது?" என்பாள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். காலை ஏழு மணிக்கு வந்தார், மோந்து பார்த்தார், ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டோம். மறுபடியும் காலை ஏழு மணி. "2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் சார், 24 ஆம்ப்ஸ் தாங்கும். கரண்ட் அதிகமானா கட் பண்ற எம்சிபி 20. ஏதாச்சும்னா டிரிப் ஆகியிருக்குமே" என்று சொல்லிவிட்டு இரண்டாவது முறையும் காபி குடித்துவிட்டுப் போனார்.

லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆன சித்தப்பா ஒருநாள் கேக் வாங்க வந்தார், நல்லவேளையாக மூன்று மணிக்கு. வாசனை வந்ததும் சீலிங்கில் ஒரு பலகையைத் தூக்கிக் கையை விட்டார், உடனே இழுத்துக்கொண்டார். "தெர்மாமீட்டர் இருக்காடா?" காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொடுத்தேன். மேலே வைத்ததும் 'H' என்று காட்டிவிட்டு, இதற்கு மேல் தன்னால் ஆகாது என்று நின்றுவிட்டது. கடைசியில் ஓவனுக்குள் வைக்கிற டயல் தெர்மாமீட்டரை எடுத்து வைத்தோம். 60 டிகிரி.

மூன்று சர்க்யூட்டின் ஒயரும் ஒரே பைப்பில், சீலிங்குக்கு மேலே இருந்த அந்த அடுப்புக்குள்தான் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், ஜாயின்டில் சுற்றிய டேப்பின் பசை உருகி வழிந்து நின்றது. வாசனைக்குக் காரணம் கிடைத்தது.

சித்தப்பா காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டார். பிவிசி ஒயர் 70 டிகிரி வரைதான் தாங்கும். எலக்ட்ரீஷியன் சொன்ன 24 ஆம்பியர் பொய்யில்லை. ஆனால் அது சுற்றிலும் 30 டிகிரி இருந்து, பைப்பில் ஒரே ஒரு சர்க்யூட் ஓடும்போது. அப்போது ஒயர் தன்னால் சூடேற 40 டிகிரி இடம் இருக்கிறது. இங்கே சுற்றியுள்ள காற்றே 60. மிச்சம் பத்து, அதாவது கால்வாசி. ஆம்பியர் பாதியானால்தான் சூடு கால்வாசியாகும் என்பதால் 24 அங்கேயே 12 ஆகிவிடுகிறது.

"இன்னும் முடியலடா. பஸ்ஸுல மூணு பேர் சீட்டுல நெருக்கி உட்கார்ந்தா ஒருத்தன் சூடு அடுத்தவனுக்கு ஏறுதுல்ல?" ஒரே பைப்பில் மூன்று சர்க்யூட் சேர்ந்து சுமை எடுத்தால் 0.7 ஆல் பெருக்க வேண்டுமாம். 12 என்பது 8.4 ஆனது. எங்கள் ஓவன் 13 ஆம்பியர், பெரிய ஏசி 11, சின்ன ஏசி 8.

"அப்போ எம்சிபி ஏன் விழல?"

"அதுக்கு ஆம்பியர்தான் தெரியும், ஒயரோட சூடு தெரியாது. 13 தானே போகுது, நமக்கு 20 வரைக்கும் வேலை இல்லைன்னு மாடிப்படிக்குக் கீழ நிழல்ல ஜம்முனு உட்கார்ந்திருக்கு."

எம்சிபியை மாற்றிவிடலாமே என்றேன். 8.4-க்குள் அடங்க வேண்டுமென்றால் 6 ஆம்பியர் போட வேண்டும், அப்புறம் ஏசியும் ஓடாது, கேக்கும் வேகாது என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பெரிய ஒயர் வாங்கச் சொல்வார் என்று பயந்திருந்தேன். இல்லை, பாதையை மாற்றினால் போதும் என்றார். பைப்பை சீலிங்குக்குக் கீழே, அறைச் சுவரில் ஓட்ட வேண்டும். ஏசி ஓடாதபோதும் அங்கே 40 டிகிரிதான் என்று வைத்தால், அதே 2.5 ஒயர் 24 × 0.87, கிட்டத்தட்ட 20.9 ஆம்பியர் தாங்கும். 20 ஆம்பியர் எம்சிபி அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனிப் பைப் வேண்டும். அவையும் ஒட்டி ஓடக்கூடாது. 25 மில்லிமீட்டர் பைப் என்றால் நடுவில் 50-க்கு மேல் இடைவெளி விட வேண்டும்.

பழைய ஒயரையே உருவிப் போடலாம் என்று வளைத்துப் பார்த்தோம். வெயிலில் காய்ந்த வடாம் மாதிரி மேலுறை வெடித்தது. புது ஒயர்தான். எலக்ட்ரீஷியனை இந்த முறை மூன்று மணிக்கு வரச் சொன்னோம். சீலிங்குக்குள் தலையை விட்டவர், அதன் பிறகு எம்சிபி பற்றிப் பேசவில்லை.

வாசனை போய்விட்டது. ஆனால் வெள்ளைச் சுவரில் மூன்று சாம்பல் நிறப் பைப்புகள் குறுக்கே, சம இடைவெளியில். நடுவில் ஏசி சுவிட்ச் பாக்ஸின் சிவப்பு விளக்கு. அம்மா மாடிக்கு வந்து பார்த்துவிட்டுச் சட்டென்று செருப்பைக் கழற்றினார்.

"சுவத்துக்கு விபூதி பூசி, பொட்டு வேற வச்சிருக்கீங்களா?"