நன்றிப் பதிவில் ஒரு கையொப்பம்

எங்கள் எழுதுபொருள் கடைக்குத் தவறாமல் வந்துபோகும் வாடிக்கையாளர்களுக்கு நன்றி சொல்வதற்காக, சென்ற ஆண்டின் கடைசி வாரத்தில் இன்ஸ்டாகிராமில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் ஏழு படங்கள் கொண்ட கேரோசல் ஒன்றை நானே தயாரித்தேன். முதலில் பெயர்ப்பட்டியல் போடத்தான் நினைத்தேன். ஆனால் விடுபட்ட ஒருவருடைய மனவருத்தம் சேர்க்கப்பட்ட பத்துப் பேரின் மகிழ்ச்சியைவிடப் பெரிதாகிவிடும் என்று தோன்றியதால் அதைக் கைவிட்டு, பெயர் சொல்லாமல் அவரவர் பழக்கங்களை எழுதினேன். பல ஆண்டுகளாக ரீஃபில் மட்டும் மாற்றி ஒரே பேனாவால் எழுதிவரும் ஆசிரியர் ஒரு படத்தில் இடம்பெற்றார்.

அளவில் சிக்கல் அதிகமில்லை. முதல் படத்தின் நீள அகல விகிதமே மற்றவற்றுக்கும் பொருந்தும் என்பதால், எல்லாவற்றையும் 1080 × 1350 பிக்சலில் அமைத்தேன். அகலவாக்கில் எடுத்த பழைய படம் ஒன்றில் மட்டும் ஓரத்தில் நின்றவர்கள் வெட்டுப்பட்டதால், அதைச் சிறிதாக்கி வெற்றுப் பின்னணியில் வைத்தேன்.

நான்காவது படத்தில்தான் தவறினேன். பேனா வாங்குபவர்கள் கிறுக்கிப் பார்ப்பதற்காக மேசையில் வைத்திருக்கும் தாளைப் படமெடுத்து, “இந்தக் கிறுக்கல்கள் எல்லாம்” என்று அதில் தொடங்கிய வாக்கியத்தை, “எங்களுக்கு உங்கள் முகங்களாகவே தெரிகின்றன” என்று ஐந்தாவது படத்தில் முடித்திருந்தேன். அடுத்த படத்தையும் தள்ளிப் பார்க்கவைக்கும் உத்தி என்று எனக்குள் சிறு பெருமையும் இருந்தது. பதிவிட்ட மறுநாள் காலையில் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, வங்கியில் தாம் இடும் கையொப்பம் அந்தத் தாளில் தெளிவாகத் தெரிவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். முகம் தெரியும் படங்களுக்கெல்லாம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்த எனக்கு, பேனாவைச் சோதிக்கும் கை பழக்கத்தில் கையொப்பத்தையே போடும் என்பது உறைக்கவில்லை.

பதிவின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, திருத்தும் பகுதிக்குச் சென்று, அந்த ஒரு படத்தை மட்டும் குப்பைத்தொட்டிக் குறியால் உடனே நீக்கினேன். கையொப்பத்தை மறைத்த படத்தை அதே இடத்தில் வைக்க வழியில்லை. அதனால் ஐந்தாவது படத்தில் எழுவாய் இல்லாத அரைவாக்கியம் மிஞ்சியது. மூலையில் நானே அச்சிட்டிருந்த எண்களும் 3/7-இலிருந்து 5/7-க்குத் தாவின. முழுப் பதிவையும் அழித்துவிட்டு மீண்டும் போட்டால், வாடிக்கையாளர்கள் மனமாரப் பின்னூட்டத்தில் எழுதியவை அனைத்தும் போய்விடும். ஆகவே பதிவை அப்படியே விட்டு, படங்களுக்குக் கீழுள்ள குறிப்பைத் திருத்தி, ஒரு படம் நீக்கப்பட்டதை ஒரே வரியில் சொன்னேன். இந்த ஆண்டுப் படங்களில் எண்கள் இல்லை. ஒவ்வொரு படத்தின் வாக்கியமும் அதற்குள்ளேயே முடிகிறது.

அந்த வாடிக்கையாளர் அடுத்த வாரம் கடைக்கு வந்தார். புதுப் பேனாவை வாங்கி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளில் வெறும் சுழிகளாகப் போட்டார்.