பட்டுச் சேலையின் நிறமும் சாம்பல் அட்டையும்

ஆகஸ்ட் 4, ஜார்ஜ்டவுன்

லிட்டில் இந்தியாவில் ஒரு பட்டுக்கடை. தீபாவளிக்கு முன் இணையத்தில் போடுவதற்காகச் சேலைகளைப் படம் எடுக்கிறோம். கடைக்குள் மஞ்சள் எல்.ஈ.டி. விளக்குகள், உறையில் நிற அளவு 3000K, அதாவது 3000 கெல்வின், என்று போட்டிருக்கிறது. வாசலில் அஞ்சடி வழியாக வரும் பகல் வெளிச்சம் சற்று நீலம். விளக்கின் சாயத்தை நீக்கி வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கிறது.

இன்று எடுத்தவற்றில் சந்தன நிறச் சேலை வெண்ணெய் மஞ்சளாக விழுந்தது. அடுத்து எடுத்த கடுகு மஞ்சள் சேலை வெளிறி, அதன் பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் நீலம் பூசியதுபோல் ஆனது. விளக்கும் கேமராவும் இடமும் மாறவில்லை. மாறியது சேலை மட்டுமே.

ஆட்டோவுக்கு விளக்கின் நிறம் தெரியாது. படத்தில் இருக்கும் நிறங்களை வைத்து அது ஊகிக்கிறது. கடுகு மஞ்சள் படச்சட்டம் முழுவதையும் நிரப்பினால், மஞ்சள் விளக்கின் சாயம்தான் இது என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிவிடும். சந்தன நிறத்தில் நடந்தது வேறு: மஞ்சள் விளக்கின் கீழ் கொஞ்சம் கதகதப்பை வேண்டுமென்றே விட்டுவைக்கும்படி பல கேமராக்களின் ஆட்டோ அமைக்கப்பட்டிருக்கிறது. வீட்டு விருந்துக்கு அது அழகு. நிறத்தைப் பார்த்துப் பணம் கட்டும் சேலைக்கு ஆகாது.

ஆகஸ்ட் 5

ஊகத்துக்கு இடம் கொடுக்காமல், நிறமே இல்லாத ஒரு பொருளைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். அதற்குத்தான் சாம்பல் அட்டை. ஒளி அளவை அளக்கப் பயன்படும், விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் அட்டையும் போதும். ஆனால் இங்கே முக்கியம் அந்த 18 அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் அட்டை சம அளவில் திருப்பி அனுப்புகிறதா என்பதே. சாம்பலாகத் தெரியும் எல்லாப் பொருளும் அப்படிச் செய்வதில்லை. சாம்பல் சுவர்ப் பெயின்டில் நீலமோ பழுப்போ கலந்திருப்பது சகஜம்.

அச்சுத் தாளையும் நம்ப வேண்டாம். வெண்மை கூட்டுவதற்காக அதில் சேர்க்கும் பொருள் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளியிடும். ஜன்னல் வெளிச்சத்தில் தாளை ஆதாரமாக வைத்தால், அந்த நீலத்தை ஈடுகட்டப் போய்ப் படம் மஞ்சளாகிவிடும்.

அட்டையை வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. அது சேலை இருக்கும் அதே தளத்தில், சேலை பார்க்கும் அதே திசையைப் பார்க்க வேண்டும். கையில் பிடித்து மேலே சாய்த்தால் கூரை விளக்கையும், வாசல் பக்கம் திருப்பினால் தெரு வெளிச்சத்தையும்தான் அளக்கிறோம். அரக்குச் சேலையின் நிமிர்ந்த மடிப்புக்கு ஒட்டி வைத்தால், பட்டில் பட்டுத் தெறிக்கும் சிவப்பு அட்டையில் விழும். மென்பொருள் அதையும் நீக்கப் பார்த்து, வெள்ளை ஓரங்களில் பச்சை நீலம் ஏற்றிவிடும். மடிப்பிலிருந்து இரண்டு சாண் தள்ளி வைப்பது பாதுகாப்பு. அட்டையில் பளபளப்பு தெரிந்தால் கோணத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

அட்டையோடு ஒரு படம், பிறகு அட்டையை எடுத்துவிட்டு மற்றவை. விளக்கோ இடமோ மாறினால் மறுபடி அட்டை. எல்லாம் கேமரா பதப்படுத்தாத RAW கோப்பாக.

ஆகஸ்ட் 6

எடுக்கும்போதே சரிசெய்துகொள்ளவும் வழி உண்டு. அட்டை சட்டத்தின் நடுப்பகுதியை நிரப்ப ஒரு படம் எடுத்து, அதைக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸுக்கு ஆதாரமாகக் கேமராவின் மெனுவில் தேர்ந்தெடுக்க வேண்டும். RAW இல்லாமல் JPEG மட்டும் எடுப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ஷட்டர் வேகத்தையும் கவனிக்க வேண்டும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.ஈ.டி.யும் பழைய டியூப் லைட்டும் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 1/250இல் எடுத்தால் ஒவ்வொரு படமும் துடிப்பின் வெவ்வேறு கட்டத்தில் விழும். வெளிச்சமும் நிறமும் படத்துக்குப் படம் மாறும். பிறகு அட்டைப் படத்தில் எடுத்த அளவு அடுத்த படத்துக்கே பொருந்தாது. 1/100 அல்லது 1/50 வைத்தால் இந்தத் தொல்லை அடங்கும்.

ஆகஸ்ட் 7

கணினி வேலை. சந்தன நிறச் சேலையின் அட்டைப் படத்தை லைட்ரூம் மென்பொருளில் திறந்தோம். கேமராவில் 5500K வைத்து எடுத்தது. அட்டை மேல் சுட்டியை வைத்தால் R 67, G 56, B 38 என்று சதவீதம் காட்டியது. சிவப்பு மிகுந்து நீலம் குறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த மஞ்சளின் கணக்கு இதுதான்.

`W` விசையை அழுத்தி, நிறத்தைத் தொட்டெடுக்கும் ஐட்ராப்பரை அட்டையின் நடுவில் சொடுக்கினோம். `Temp` 3050க்கு இறங்கியது, `Tint` +6 ஆனது, மூன்று எண்களும் 56ஐ ஒட்டி வந்தன. `Temp` எண்ணைக் குறைத்தால் படம் நீலப் பக்கம் போவது புதியவர்களைக் குழப்பும். அந்த எண் விளக்கின் நிறம் என்ன என்று மென்பொருளுக்கு நாம் சொல்வது. விளக்கு 3050, அதாவது மஞ்சள் என்று சொன்னால், அதை ஈடுகட்ட அது நீலத்தைக் கூட்டுகிறது. `Tint` பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையிலானது, எல்.ஈ.டி. கொஞ்சம் பச்சை சாய்ந்திருந்ததால் மெஜந்தா பக்கம் 6.

அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற படங்களையும் தேர்ந்தெடுத்து, `Sync` பெட்டியில் `White Balance` மட்டும் டிக் செய்தால் போதும்.

ஐட்ராப்பரைச் சரியாகச் சொடுக்கியும் நிறம் கோணினால் அட்டை அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கில் சிவப்புதான் முதலில் நிரம்பி வழியும். வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரிந்தாலும் சிவப்பு முட்டி நிற்கலாம். அப்போது விகிதமே பொய். மறுபக்கம், குறைவாகப் பதிந்த நீலத்தைத் தூக்குவதால் இருண்ட மடிப்புகளில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். அதற்கு மருந்து எடுக்கும்போதே போதிய வெளிச்சம்.

ஆகஸ்ட் 10

வாசல் அருகே தொங்கவிட்ட சேலை. இடது பாதியில் தெரு வெளிச்சம், வலது பாதியில் கடை விளக்கு. அட்டையை இடப்பக்கம் வைத்தால் 6200, வலப்பக்கம் வைத்தால் 3050. நடுவில் 4300 என்று சமாதானம் செய்தால் இடது நீலமாகவும் வலது ஆரஞ்சாகவும் நிற்கிறது, இரண்டும் தவறு. ஒரு படத்துக்கு ஒரு ஒயிட் பேலன்ஸ்தான். இரண்டு விளக்குக்கு அது ஈடுகொடுக்காது.

மென்பொருளில் மாஸ்க் போட்டு ஒரு பாதியின் `Temp`ஐ மட்டும் திருத்தலாம். சுவர் என்றால் ஒப்பேற்றிவிடலாம். ஜரிகையில் இரண்டு வெளிச்சமும் இழைக்கு இழை மின்னும்போது கோடு எங்கே போடுவது? அதனால் வாசல் பக்க விளக்குகளை அணைத்து, தெரு வெளிச்சத்தில் மட்டும் எடுத்தோம். மழை இருட்டினால் நேர்மாறு: கடைக் கதவின் ஷட்டரை இறக்கிவிட்டு, விளக்கில் மட்டும்.

ஆகஸ்ட் 12

அட்டை சாம்பலாகவே இருக்கிறது, மூன்று எண்களும் சமம். ஆனாலும் அரக்குச் சேலை கையில் இருப்பதைவிட மங்கிப் பழுப்பாகத் தெரிகிறது. இது ஒயிட் பேலன்ஸின் குறை அல்ல. விளக்கின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருந்தால், பட்டு திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. சாம்பல் அட்டை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் சராசரியைச் சமன் செய்யும். வராத ஒளியை வரவழைக்காது. செறிவைக் கூட்டினால் பக்கத்திலிருக்கும் ஆரஞ்சுக் கரைதான் கத்தும்.

விளக்கு உறையில், அதன் ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் CRI என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கடையில் இருந்தவை 80. 90க்கு மேல், முடிந்தால் R9 என்ற ஆழ்சிவப்பு எண்ணும் உயர்வாகக் குறிப்பிட்ட விளக்குகளை வாங்கிவரச் சொல்லியிருக்கிறோம். எல்லாம் ஒரே நிறுவனம், ஒரே கெல்வின். பழைய விளக்கு ஒன்றுகூட இடையில் எரியக்கூடாது. அவை மாட்டியதும் முதல் படம் அட்டையோடு. அரக்கை அப்போது மறுபடி எடுக்கிறோம்.