ஏசி மெக்கானிக் வாங்கிய 28,000 ரூபாய்

எங்கள் கடையில் ஏசி விற்கிறோம், மாட்டியும் தருகிறோம். எங்களிடம் வேலை பார்த்த மெக்கானிக், ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்குப் போன இடத்தில், "இன்னொரு ஏசி நானே கம்மி விலையில் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 28,000 ரூபாய் அவருடைய ஜிபேக்குப் போயிருக்கிறது. ஏசி வரவில்லை, ஆளும் வேலைக்கு வரவில்லை. எனக்கு வந்தது வக்கீல் நோட்டீஸ்.

பதில் நோட்டீஸ் அனுப்பியும் நிற்கவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நான் முதல் எதிர்தரப்பு, மெக்கானிக் இரண்டாவது. சம்மன் கிடைத்த 30 நாளில் எதிர்வாதம் போட வேண்டும், கெஞ்சினாலும் இன்னும் 15 நாள்தான்.

"அவன் ஏமாற்றியதற்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று வக்கீலிடம் கேட்டேன். அந்த வாதம் மட்டும் நிற்காது என்றார். கொடுத்த வேலைக்குள் ஆள் மோசடி செய்தால்கூட முதலாளிதான் கட்ட வேண்டும். அது வேலைக்குள் நடந்ததா, வெளியே நடந்ததா என்பதுதான் கேள்வி. 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்டேட் பேங்க், சியாமா தேவி வழக்கைக் காட்டினார். கணக்கில் போடச் சொல்லி பக்கத்து வீட்டு வங்கி ஊழியரிடம் பணம் கொடுத்திருக்கிறார்கள். அவர் பாஸ்புக்கில் பொய்யாக எழுதிவிட்டுப் பணத்தைச் சுருட்டிவிட்டார். பழக்கத்தின் பேரில் அவரை நம்பிக் கொடுத்ததால் அந்த விஷயத்தில் அவர் வங்கியின் ஆள் இல்லை, கொடுத்தவரின் ஆள். வங்கி பொறுப்பல்ல என்பது தீர்ப்பு. வங்கியில் வேலை பார்த்தது அவருக்கு வாய்ப்பைத்தான் தந்தது.

அப்புறம் வக்கீல் கேட்டார்: "அவர் எப்போதாவது உங்களுக்காகப் பணம் வாங்கியிருக்கிறாரா?" எனக்கு வியர்த்தது. ஸ்வைப் மெஷின் மக்கர் செய்த இரண்டு தடவை, அவர் ஜிபேயில் வாங்கிக்கொள்ள நானேதான் சொன்னேன். மறைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று அதையும் எதிர்வாதத்தில் எழுத வைத்தார். புகார்தாரருக்கு அது தெரிந்திருந்து, அதை நம்பிக் கொடுத்திருந்தால்தான் அது எனக்கு எதிராகத் திரும்பும் என்பது அவர் கணக்கு.

கடைப் பெயர் போட்ட டீசர்ட்டைப் பிடித்துக்கொண்டுதான் புகார்தாரர் தரப்பு வாதாடியது. ஆனால் அவர்களே இணைத்திருந்த வாட்ஸ்அப் பிரிண்டின் இரண்டாம் பக்கத்தில் மெக்கானிக் எழுதியிருந்தார்: "கடையில சொல்லிடாதீங்க சார், பில் போட்டா ரேட் ஏறிடும்." அதற்கு புகார்தாரர் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

அந்தக் கட்டைவிரல்தான் என்னைக் காப்பாற்றியது. கடைக்குத் தெரியாமல் நடக்கும் தனி ஏற்பாடு என்று தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி, என் மீதான புகாரைத் தள்ளுபடி செய்தார்கள். மெக்கானிக் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவு.

வெளியே வந்ததும் வக்கீல் சொன்னார்: "அந்த ரெண்டு தடவை ஜிபே பண்ணினவங்கள்ல ஒருத்தர் இந்த கேஸைப் போட்டிருந்தா, இன்னிக்கு நீங்கதான் பணம் கட்டிக்கிட்டு இருப்பீங்க."