கார்த்திகைக்கு அகல் விளக்கு: வண்ணம் எண்ணெயில் உரியாமல் இருக்க

9 நவம்பர் 2025

கொசப்பேட்டையில் அகல் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றையும் விரல் மூட்டால் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். நன்றாக வெந்தது 'டங்' என்று பேசும். அரைவேக்காடும் விரிசல் விட்டதும் 'டொக்' என்று அடங்கிவிடும். அடி ஆடாமல் உட்காருகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். விற்ற அம்மா வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்: "ராத்திரி தண்ணில ஊறப்போட்டுடும்மா, இல்லன்னா எண்ணெயெல்லாம் குடிச்சிடும்."

வீட்டுக்கு வந்ததும் விளிம்புப் பிசிறுகளை 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு வாளித் தண்ணீரில் போட்டேன். போட்ட உடனே ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. காதை வாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'உஸ்ஸ்' என்று சத்தம்கூடக் கேட்கிறது. சுட்ட மண்ணுக்குள் அவ்வளவு துளை, அவ்வளவு காற்று.

12 நவம்பர்

ஊறப்போடும் முன் ஒரு விளக்கைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 38 கிராம். ஊறியபின் அதுவே 43. வண்ணம் பூசுவதற்கு இது மறுபடி 38-க்கு இறங்க வேண்டும். ஈரத்தோடு பூசினால் வெளியேற வழியில்லாத நீராவி வண்ணத்தைக் கொப்புளமாகத் தூக்கும். வெயில் காலமென்றால் ஒரு பகலில் காய்ந்துவிடும், இந்த மழையில் மின்விசிறியடியில் வைத்தும் இழுத்தடிக்கிறது. தராசு இல்லாதவர்கள் விளக்கின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

இங்கே ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊறப்போட்ட விளக்கு எண்ணெய் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் துளைகளில் தண்ணீர் நிற்பதுதான். முழுக்கக் காயவைத்துவிட்டால் அந்தப் பலனும் தண்ணீரோடு போய்விடும். வண்ணம் பூசப்போகிற விளக்குக்கு ஊறல் என்பது தூசியும் உப்பும் கழுவிப்போவதற்கு மட்டும்தான். எண்ணெயைத் தடுக்க வேறு ஏதாவது செய்தாக வேண்டும்.

13 நவம்பர்

சோதனைக்கு மூன்றை ஒதுக்கினேன். முதலாவதுக்கு வெளியே மட்டும் அக்ரிலிக்கும் வார்னிஷும், உள்ளே வெறும் மண். கடையில் வண்ணம் பூசி விற்பவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டாவதுக்கு விளிம்பு, திரி வைக்கும் மூக்கு எல்லாவற்றையும் சேர்த்து முழுக்க வண்ணம். மூன்றாவதுக்கு வெளியே வண்ணம், உள்கிண்ணத்தில் வண்ணமில்லாமல் வார்னிஷ் மட்டும் இரண்டு பூச்சு, மூக்கைச் சுற்றி ஒரு விரலகலம் எதுவுமே இல்லாமல் வெறும் மண்.

வார்னிஷ், தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வகை, பளபளப்பு. மேட் கேட்டுத்தான் கடைக்குப் போனேன். ஆனால் மேட் பூச்சில் எண்ணெய் விரல் பட்டாலே திட்டுத் தெரியும், பளபளப்பென்றால் துணியால் ஒரு துடைப்பில் போய்விடும்.

21 நவம்பர்

ஒரு வாரம் காயவிட்டு, நேற்று மாலை மூன்றையும் செய்தித்தாள் துண்டுகள் மேல் வைத்து நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு மணி நேரம் எரித்தேன். மீதி எண்ணெயை அப்படியே இரவு முழுக்க விட்டுவிட்டேன்.

முழுக்க வண்ணம் பூசியது கால் மணி நேரத்திலேயே வேலையைக் காட்டிவிட்டது. மூக்கிலிருந்த மஞ்சள் முதலில் பளபளத்து இளகியது, பிறகு சின்னக் கொப்புளங்கள், பிறகு பழுப்பு. கூடவே பிளாஸ்டிக் தீய்கிற வாடை. அக்ரிலிக் என்பதே ஒருவகை பிளாஸ்டிக், சூடு பட்டால் இளகத்தான் செய்யும். மேலே எத்தனை பூச்சு வார்னிஷ் அடித்தாலும் சுடர் தொடுகிற இடத்தில் அது நிற்காது, வார்னிஷும் அதே இனம்தானே.

வெளியே மட்டும் பூசியது எரியும்போது அழகாகத்தான் இருந்தது. காலையில் தூக்கினால் காகிதத்தில் எண்ணெய் வட்டம். விளக்கின் அடிப்பக்கத்தில் நீலம் கருநீலமாகியிருந்தது. அந்த இடத்தை நகத்தால் நெருடினேன். வண்ணம் பொடியாக உதிரவில்லை, வெந்த பாலின் ஆடை போல ஒரே தாளாக வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் உள்பக்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, வெளிப்பக்க வார்னிஷ் மட்டும் கொஞ்சமும் கெடாமல் மின்னுகிறது. எண்ணெய் வெளியிலிருந்து தாக்கவில்லை. மண்ணுக்குள் ஊறி வண்ணத்தின் முதுகுப்பக்கமாக வந்து அதைத் தூக்கிவிட்டது. இனி வெளியே எத்தனை பூச்சு அடித்தாலும் இதற்கு மருந்தாகாது, அடைக்க வேண்டியது உள்பக்கத்தை.

மூன்றாவதில் காகிதம் சுத்தம், அடியும் சுத்தம். மூக்கின் வெறும் மண்ணில் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. வண்ணம் தொடங்கும் கோட்டில் ஒரு நூலளவு உள்ளே புகுந்திருக்கிறது. தினம் ஏற்றினால் அந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறும் என்றுதான் தோன்றுகிறது. கார்த்திகைக்கு இரண்டு மூன்று நாள் ஏற்றுவதற்கு இது போதும். தினசரி பூஜைக்கு என்றால், உள்ளே ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணமோ கண்ணாடிக் கிண்ணமோ வைத்து எண்ணெயை அதில் ஊற்றிவிடுவதுதான் நல்லது.

22 நவம்பர்

மீதி எல்லாவற்றுக்கும் மூன்றாவதின் முறை. உள்கிண்ணத்துக்கு முதல் பூச்சு வார்னிஷில் கால் பங்கு தண்ணீர் கலந்தேன், துளைகளுக்குள் இறங்கட்டும் என்று. காய்ந்தபின் தண்ணீர் சேர்க்காமல் இரண்டாவது. பிறகு உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முத்தாக நின்றால் அடைந்துவிட்டது, பரவி நிறம் மாறினால் அங்கே இன்னொரு பூச்சு. வார்னிஷ் டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் கலக்குவது நல்லது. குலுக்கினால் நுரை, நுரையிருந்தால் ஊசித்துளை, அந்தத் துளை வழியாக எண்ணெய்.

மேல்வீட்டு அக்கா நகப்பூச்சில் புள்ளி வைத்தால் மின்னுமே என்று பாட்டிலோடு வந்தார். நகப்பூச்சின் கரைப்பான் சட்டென்று தீப்பிடிக்கிற சரக்கு, காய்ந்த பூச்சும் எளிதில் எரியும். "விளக்குக்கு வேண்டாம்க்கா, கோல டப்பாவுக்கு வைங்க" என்று அனுப்பிவைத்தேன்.

26 நவம்பர்

வெளிப்புற வார்னிஷில் இரண்டு விளக்கு பால் போல் வெளுத்திருக்கிறது. ஈரக் காற்றில் மெதுவாகக் காய்ந்ததால் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அரிசி டப்பா வைக்கும் வறண்ட அலமாரியில் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் இன்னொரு பூச்சு அடித்தால் வெளுப்பு நிரந்தரமாகிவிடும்.

3 டிசம்பர், கார்த்திகை தீபம்

மழையால் மொட்டை மாடி இல்லை, கூடத்திலும் வாசற்படியிலும் மட்டும். அலமாரியில் வைத்ததில் ஒன்று தெளிந்துவிட்டது, இன்னொன்று இன்னும் கொஞ்சம் மங்கல், அதைப் பின்வரிசையில் வைத்தேன். எண்ணெய் முக்கால் கிண்ணம். திரி மூக்கைத் தாண்டித் தொங்கினால் அதன் வழியே எண்ணெய் வெளியே சொட்டி வண்ணத்தின் மேல் ஓடும், அதனால் நுனி விளிம்போடு நிற்கும்படி, சுடர் சிறிதாக எரிகிற அளவுக்கு.

குழந்தைகளிடம் ஒரே வேலைதான் கொடுத்தேன்: எண்ணெய் குறைந்தால் சொல்ல வேண்டும். எண்ணெய் இருக்கிறவரை உள்கிண்ணம் அவ்வளவு சூடாகாது. அது தீர்ந்தால் திரி உள்ளே சரிந்து, சுடர் நேராக வார்னிஷ் மேல் உட்கார்ந்துவிடும். வாசற்படிக் கோடியில் ஒன்று அப்படித்தான் கவனிக்காமல் போனது. உள்ளே ஒரு ரூபாய் அளவுக்குக் கருகல், வெளி வண்ணத்துக்கு ஒன்றுமில்லை.

6 டிசம்பர்

மீதி எண்ணெயை வடித்து, காகிதத்தால் ஒற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு நுரையில் மென்மையான துணியால் கழுவினேன். நாரால் தேய்த்தால் வார்னிஷ் கீறும். மூக்குகள் எல்லாம் கறுப்புதான், அது போகாது. கருகினதை மட்டும் செடிச் சட்டிக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டேன். எண்ணெய் ஏறிய மண்ணில் புது வண்ணம் ஒட்டாது என்பதால் அதை மறுபடி பூசிப் பயனில்லை.