ஏழாவது தசமத்தில் தடம் மாறிய மூலங்கள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், 24 எடைகளை ஸ்பிரிங்குகளால் வரிசையாகக் கோத்த ஒரு அமைப்பின் இயல்பு அதிர்வெண்களைக் கணக்கிடும் நிரல் என் கைக்கு வந்தது. பாடப்புத்தகத்தில் படித்த வழியிலேயே எழுதியிருந்தார்கள்: அணியை எடு, சிறப்புப் பல்லுறுப்புக்கோவையாக விரி, கெழுக்களை ஒரு கோப்பில் சேமி, அடுத்த நிரல் அதைப் படித்து மூலங்களைக் கண்டுபிடிக்கும். அந்த மூலங்கள்தான் அணியின் ஐகன் மதிப்புகள், அவற்றிலிருந்தே அதிர்வெண்கள் கிடைக்கும்.

மூன்று நான்கு எடைகளுக்கு எல்லாம் சரியாக வந்தது. 24-க்குப் போனதும் முதல் நான்கைந்து மதிப்புகள் மட்டும் ஒழுங்காக இருந்தன. மேலே போகப் போகக் கலப்பெண்கள் முளைத்தன. அந்த அணி சமச்சீரானது. அதன் ஐகன் மதிப்புகள் மெய்யெண்களாக மட்டுமே இருக்க முடியும். எங்கோ ஸ்பிரிங் மாறிலியைத் தவறாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு நாள் அணியையே துருவிக்கொண்டிருந்தேன். அணியில் ஒரு பிழையும் இல்லை.

மூத்த சகா ஒருவர் வந்து பார்த்தார். "கோப்பில் எத்தனை இலக்கம் எழுதுறீங்க?" என்று மட்டும் கேட்டார். எட்டு. "அது போதாதா சார்?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் என் திரையில் நான்கு வரிகளை அடித்தார்.

```python
import numpy as np
c = np.poly(np.arange(1, 21))
c[1] -= 2**-23
print(np.roots(c))
```

1 முதல் 20 வரையான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட கோவை இது. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் வில்கின்சன் கணினியில் மூலம் காணும் முறைகளைச் சோதிக்க எடுத்துக்கொண்ட கோவை. x^19-இன் கெழு -210. அதில் ஏழாவது தசம இடத்தை மட்டும் தொடுகிறோம், சுமார் 0.00000012. மூலங்களுக்கு நடுவே ஒரு முழு அலகு இடைவெளி இருக்கிறது, அவை நகர வாய்ப்பே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் விடையில் 1 முதல் 6 வரை கிட்டத்தட்ட அசையவில்லை. 8 என்பது 8.007 ஆனது, 20 இருந்த இடத்தில் 20.847. நடுவில் இருந்த பத்து மூலங்கள் மெய்யெண் கோட்டை விட்டே விலகி, ஐந்து கலப்பெண் ஜோடிகளாயின. 16, 17 ஆகியவை 16.73 ± 2.81i ஆகிவிட்டன.

காரணத்தைக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். x^19-இன் கெழுவைத் துளி மாற்றினால், மூலம் r இருக்கும் இடத்தில் வளைவரை அந்தத் துளி × r^19 அளவுக்கு ஏறும் அல்லது இறங்கும். மூலம் எவ்வளவு தூரம் நகரும் என்பது அங்கே வளைவரையின் சாய்வைப் பொறுத்தது. அந்தச் சாய்வு, மற்ற எல்லா மூலங்களுக்கும் r-இலிருந்து உள்ள தூரங்களின் பெருக்கல். 8-க்கு 8^19-ஐ 7! × 12! ஆல் வகுத்தால் சுமார் 60,000. துளியோடு பெருக்கினால் 0.007, திரையில் வந்ததும் அதுவே. 16-க்கு 16^19-ஐ 15! × 4! ஆல் வகுத்தால் சுமார் 240 கோடி. துளியோடு பெருக்கினால் ஏறக்குறைய 287. அவ்வளவு தூரம் மூலம் நிஜமாகப் போகாது. அத்தனை பெரிய நகர்வுக்கு இந்த நேர்கோட்டுத் தோராயம் செல்லாது. ஆனால் பக்கத்து மூலத்தோடு மோதிக் கலப்பெண்ணாகப் பிரிய அரை அலகு நகர்வே போதும். 1-க்கு இதே விகிதம் 1/19!, அதனால் அது அப்படியே நிற்கிறது.

சரி, இலக்கங்களைக் கூட்டினால் தீருமா? கோப்பில் 17 இலக்கம் எழுதிப் பார்த்தேன். இன்னும் பல மதிப்புகள் தேறின, உச்சியில் இருந்தவை தேறவில்லை. இரட்டைத் துல்லியத்தின் 16 இலக்கச் சொச்சத்தையும் அவை தின்றுவிட்டன. மூலம் காணும் வழிமுறையில் குற்றம் இல்லை; அதன் கைக்குப் போய்ச் சேர்ந்த கெழுக்களிலேயே தகவல் தொலைந்திருந்தது. எனக்கு உறைத்தது இதுதான்: அதிர்வெண்கள் சிறு பிழைக்கே தடுமாறுபவை அல்ல, அவற்றைக் கெழுக்களாக எழுதிய முடிவுதான் அவற்றை அப்படி ஆக்கியது. சமச்சீர் அணியாகவே வைத்திருந்தால், அதில் நுழையும் சமச்சீர்ப் பிழையின் அளவைத் தாண்டி எந்த ஐகன் மதிப்பும் நகராது. கோவையை நடுவிலிருந்து தூக்கிவிட்டு, அணியை நேராக `np.linalg.eigvalsh`-இடம் கொடுத்தோம். 24 மதிப்புகளும் மெய்யெண்களாக வந்தன. `np.roots` கூட உள்ளே கெழுக்களை ஒரு அணியில் அடுக்கி ஐகன் மதிப்புதான் காண்கிறது என்பதை அப்புறம் அறிந்தபோது, நாங்கள் அணியிலிருந்து கெழுவுக்குப் போய் மறுபடி அணிக்கே திரும்பியிருக்கிறோம் என்று புரிந்தது.

சில வேலைகளில் கைக்கு வரும் தரவே கெழுக்கள்தான். அணிக்குத் திரும்ப வழி இருக்காது. அப்போது ஒரு சோதனை செய்கிறேன். ஒவ்வொரு கெழுவையும் அதன் கடைசி நம்பகமான இலக்கத்தில் சற்றே அசைத்து, இருபது முப்பது முறை மூலங்களைக் கண்டு, எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாகப் போடுவேன். சில மூலங்கள் ஒரே புள்ளியாக நிற்கும். சில பரந்த மேகமாகச் சிதறும். மேகமான மூலங்களை அறிக்கையில் எண்ணாக எழுதாமல், அந்த மேகத்தின் அகலத்தை எழுதுகிறேன்.