ஆடித் தள்ளுபடி பேனரில் எது முதல் வரி?

ஆடி பிறப்பதற்கு முன்பே எங்கள் பிளெக்ஸ் கடையில் தள்ளுபடி பேனர்கள் குவியத் தொடங்கிவிடும். தென்காசி பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கொண்டுவந்த வாசகம், நான் ஆண்டுதோறும் பார்க்கும் வாசகம்தான். மேலே முருகன் துணை. அதன் கீழே பேனரில் பாதியை அடைக்கும் கடைப் பெயர். அடுத்து, "ஆடி மாதத்தை முன்னிட்டு வாடிக்கையாளர்களின் நல்லாதரவுடன் மாபெரும் சிறப்புத் தள்ளுபடி விற்பனை". கடைசியில், "அனைத்து ரகங்களுக்கும் 10% முதல் 50% வரை".

அளவு 10 அடிக்கு 4 அடி. அவருடைய கடை முகப்பை எதிர்ச்சாரியிலிருந்தும் சற்றுத் தள்ளியிருக்கும் பஸ் நிறுத்தத்திலிருந்தும் பார்க்கிறார்கள். ஏறக்குறைய 80 அடி. பத்து அடி தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுவோர் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே, எழுத்து 8 அங்குலமாவது இருக்க வேண்டும். தமிழில் மேலே இகர, ஈகார வளைவும் கீழே உகரக் காலும் நீளுவதால், ஒரு வரிக்கு 12 அங்குல இடம் விட்டாக வேண்டும். நான்கடி உயரத்தில் நான்கு வரிதான் நிற்கும். கண்ணுக்கு இதமாக இருக்க மூன்றே போதும். "மாபெரும் சிறப்புத் தள்ளுபடி விற்பனை" பதினெட்டு எழுத்து. எழுத்துக்கு 8 அங்குல அகலம் என்றாலும் 144 அங்குலம் ஆகிறது. பேனரின் அகலமோ 120. சுருக்கினால்தான் அடங்கும், சுருக்கினால் பஸ் நிறுத்தத்திலிருந்து தெரியாது.

இரு சக்கர வண்டியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்த 80 அடியை மூன்று நொடியில் கடந்துவிடுகிறார். சாலையிலிருந்து கண்ணை எடுத்து அவர் பார்ப்பது அதிலும் ஒரு பகுதிதான். அவர் கண் முதலில் பிடிப்பது எண்ணை. எழுத்து குறைவு, உருவம் பழகியது, கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. அடுத்துப் பிடிப்பது பொருளின் பெயர். "ஆடித் தள்ளுபடி" என்பது அந்தத் தெருவின் எல்லாக் கடையிலும் தொங்குவதால், அது இந்தக் கடையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கடைப் பெயரைச் சிறிதாக்கலாம் என்றேன். "கடைப் பெயரைச் சிறிதாக்கினால் யார் கடை என்று எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி. பேனருக்கு நேர் மேலே நிரந்தரப் பெயர்ப் பலகை இருக்கிறது. அதே பெயரை இரண்டாம் முறை எழுதப் பாதி பேனரைக் கொடுக்க வேண்டாம் என்றேன். முருகன் துணையை நான் ஒருபோதும் எடுக்கச் சொல்வதில்லை. அது தெருவுக்காக எழுதப்படுவது அல்ல. சிறிய எழுத்தில் மேல் விளிம்பில் இருந்தாலே போதும்.

50% எந்தச் சரக்குக்கு என்று கேட்டேன். சென்ற ஆண்டு மீந்த குழந்தைகள் உடை கொஞ்சம் மட்டும். 50-ஐப் பெரிதாக்கி 'வரை'யைப் பொடி எழுத்தில் போடுவது பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எண்ணை நம்பி உள்ளே வந்தவர் கவுன்டரில் 10%தான் என்று தெரிந்தால் வெறுங்கையோடு வெளியேறுகிறார், அக்கம்பக்கத்திலும் சொல்கிறார். நிறைய இருக்கும் சரக்கு எது என்று பார்த்தோம். 475 ரூபாய் பருத்திச் சேலை கட்டுக் கட்டாக இருந்தது. 350-க்குக் கொடுக்க அவருக்குக் கட்டுப்படியானது.

கடைசியில் வலப்புறம் இரண்டு வரி உயரத்துக்கு "ரூ.350". இடப்புறம் மேலே "பருத்திச் சேலை", அதன் கீழே "ஆடித் தள்ளுபடி". அடி வரியில் "ஆகஸ்ட் 15 வரை". அச்சுக்கு அனுப்புமுன் அதைப் பத்து அங்குல அகலத்தில் தாளில் எடுத்தேன். அடி அங்குலமாகச் சுருங்குவதால், 80 அங்குலம் தள்ளி நின்றால் பஸ் நிறுத்தத்தில் நிற்பதற்குச் சமம். வாசகம் தெரியாத ஒருவரிடம் மூன்று நொடி காட்டி மறைத்துவிட்டு, என்ன படித்தீர்கள் என்று கேட்க வேண்டும். பழைய வாசகத்துக்குக் கிடைத்த பதில், "ஏதோ ஆடித் தள்ளுபடி". புதியதற்கு, "சேலை முந்நூற்றைம்பது".

செய்தித்தாளுக்குள் வைக்கும் பிட் நோட்டீஸுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. அது கடை வாசலில் அல்ல, வீட்டுத் திண்ணையில் படிக்கப்படுவது. சேலையும் விலையும் அங்கேயும் தலைப்பில்தான். ஆனால் கடைப் பெயர் இரண்டாம் இடத்துக்கு ஏறி வர வேண்டும், பக்கத்திலேயே எதன் எதிரில், எதன் அருகில் என்ற அடையாளத்தோடு. "அன்புடையீர்" என்று தொடங்கும் பத்தியை அதற்குக் கீழே வைத்தோம். கையில் வைத்திருப்பவருக்கு அதைப் படிக்க நேரம் உண்டு.

பேனர் கட்டும் இடமும் வாசகத்தின் பாதி. முகப்பை ஒட்டிக் கட்டியது எதிர்ச்சாரிக்குத்தான் தெரியும். அதே ஓரமாக நடந்து வருபவருக்கு அதன் விளிம்பு மட்டுமே தெரியும். அவருக்காக, கடையின் வாசல் நிலையிலிருந்து தெருவுக்குக் குறுக்காக ஒரு சிறு பலகை தொங்கவிட்டோம். பத்தடி தூரத்தில் படிப்பதால் ஓர் அங்குல எழுத்தே அதற்குப் போதும் என்றாலும், "சேலை ரூ.350" என்பதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.

பொருளும் விலையும் உள்ள பகுதியை மட்டும் தனித் துண்டாக அச்சிட்டுப் பேனரின் மேல் கட்டச் சொன்னேன். சேலைக் கட்டு தீரும் நாளில் அந்தத் துண்டைக் கழற்றி, அடுத்த சரக்கின் பெயரும் விலையும் உள்ள துண்டை மாட்டிவிடலாம்; பேனர் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டியதில்லை.